மாமா என்றால் 'மெட்டர்னல் அங்கிள்' இல்லை

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள், போதும்.

பணி ஓய்வுக்குப் பிறகு, தமிழ் நாவல்களிலிருந்து ஒரு பகுதியை எடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்க்கும் இளைஞர்கள் சிலர் தங்கள் பக்கங்களை எனக்கு அனுப்புகிறார்கள். ஆங்கிலம் நடத்திய வாத்தியார் என்பதால் இலக்கணம் பார்த்துக் கொடுப்பேன் என்று நினைத்து அனுப்புகிறார்கள். இலக்கணம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. இடறுவது வேறோர் இடத்தில். மாமா, அக்கா, அத்தை, மருமகள் என்று வீட்டில் புழங்கும் சொல் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. அகராதியைத் திறக்கிறார்கள். மாமா என்றால் 'மெட்டர்னல் அங்கிள்', அக்கா என்றால் 'எல்டர் சிஸ்டர்'. அப்படியே எழுதிவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை தெருவில் ஓடிவந்து, "மெட்டர்னல் அங்கிள், மிட்டாய் வாங்கித் தாங்க" என்று கேட்கிறது!

இது வெறும் நடைக் குறை என்றால் இத்தனை நீளமாக எழுத மாட்டேன். உறவுச் சொல் தவறினால் சில சமயம் கதையே வேறாகிவிடுகிறது. நாவலாசிரியர் திறந்து வைத்த ஒரு கேள்வியை மொழிபெயர்ப்பாளர் தெரியாமல் மூடிவிடுகிறார். அதைத்தான் ஒரு பத்தியை எடுத்து வைத்துச் சொல்லப் போகிறேன்.

அச்சில் இருக்கும் நாவலை எடுத்தால் பேச்சு அந்த எழுத்தாளரைப் பற்றியும், அதை மொழிபெயர்த்தவரைப் பற்றியும் போய்விடும். அதனால் இந்தப் பதிவுக்காக நானே ஒரு பத்தி எழுதினேன். மதுரைப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவலின் நடுவில் வரும் ஒரு பக்கம்.

"செல்வி வாசப்படியிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

'அக்கா, மாமா வந்திருக்காரு.'

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மல்லிகா நிமிரவில்லை. 'எந்த மாமா?'

'நம்ம முத்து மாமாதான். தம்பி வந்துட்டான்னு அம்மா தலைகால் புரியாம நிக்குது.'

மல்லிகா முறத்தைக் கீழே வைத்தாள். போன தீபாவளிக்குக்கூட மாமா என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கியவள்தான். இப்போது அந்தச் சொல் தொண்டையைத் தாண்டவில்லை.

திண்ணையில் குரல் கேட்டது. 'அக்கா, எங்க உன் மூத்த மகளக் காணோம்? ஏ மருமகளே, மாமனுக்குத் தண்ணி கிடையாதா?'

கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரக்கா சிரித்தாள். 'இனிமே உன்ன அவ மாமான்னு கூப்பிடுவாளா?'

'ஏன்,' என்றாள் அம்மா, 'கட்டிக்கிட்டாலும் மாமாதான.'

அன்று ராத்திரி பாயில் புரண்டு படுத்த செல்வி இருட்டைப் பார்த்துச் சொன்னாள். 'மல்லிகா, பிடிக்கலன்னா வாயத் திறந்து சொல்லு.'"

அவ்வளவுதான். தமிழ் வாசகருக்கு இதில் விளக்கம் எதுவும் தேவையில்லை. அம்மாவின் தம்பிக்கு மூத்த மகளைக் கொடுக்கப் பேச்சு நடக்கிறது. மல்லிகா வாய் திறக்கவில்லை. வெட்கமா, விருப்பமின்மையா, நமக்கு இன்னும் தெரியாது. செல்விக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இந்தப் பக்கத்தின் உயிர்.

இனி இதை அகராதிப்படி பெயர்த்துப் பாருங்கள். மாமா வரும் இடமெல்லாம் 'அங்கிள்'. கடைசியில் அம்மா சொல்வது என்ன ஆகிறது? கல்யாணம் ஆன பிறகும் அவன் அவளுக்கு அங்கிள்தான்! லண்டனில் உட்கார்ந்து படிப்பவர் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார். 'மெட்டர்னல் அங்கிள்' என்று போட்டால் இன்னும் மோசம். ரத்த உறவு என்று கோடு போட்டுக் காட்டியது போல் ஆகும். மல்லிகாவின் மௌனத்தை அந்த வாசகர் ஒரே விதமாகத்தான் படிப்பார். குடும்பமே சேர்ந்து செய்யும் கொடுமைக்கு முன்னால் வாயடைத்துப்போன பெண் என்றுதான் அவருக்குத் தோன்றும். ஆசிரியர் அப்படி எழுதவில்லை. பின்னால் அப்படியே ஆகலாம், ஆகாமலும் போகலாம். இந்தப் பக்கத்தில் அது முடிவாகவில்லை. மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல் அதை முடிவு செய்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? மாமா என்ற சொல்லும் அங்கிள் என்ற சொல்லும் வேறு வேறு கணக்கில் பிறந்தவை.

ஆங்கிலக் கணக்கில் அப்பாவின் சகோதரர், அம்மாவின் சகோதரர், அத்தையின் கணவர், சித்தியின் கணவர் நான்கு பேரும் ஒரே பெயரில் அடங்குவார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் 'கசின்'. தமிழில் வீட்டின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அப்பாவின் அண்ணன் தம்பி, அம்மாவின் அக்கா தங்கை எல்லோரும் ஒரு பக்கம். அவர்கள் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி. பெயரிலேயே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. அப்பாவின் அக்கா தங்கையும் அம்மாவின் அண்ணன் தம்பியும் சுவருக்கு மறுபக்கம். அவர்கள் அத்தை, மாமா. அவர்கள் பிள்ளைகள் நமக்கு முறை. அந்தப் பக்கத்திலிருந்துதான் பெண் எடுப்போம், பெண் கொடுப்போம். மாமனாரும் மாமாதான், மாமியாரும் அத்தைதான். கல்யாணம் நடக்காவிட்டாலும் சொல் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது.

இது நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமை இல்லை. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட பெரிய நூலில், உலகின் பல மக்களுடைய உறவுப் பெயர்களோடு தமிழ் உறவுப் பெயர்களையும் அட்டவணை போட்டு வைத்தார். பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1953-இல் எழுதிய கட்டுரையில், திராவிட உறவுச் சொற்களைத் திருமணத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்று வாதிட்டார். நம் வீட்டுக் கிழவிகளுக்குக் கட்டுரை தேவைப்படவில்லை. 'முறை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

ஆக, மாமா என்பதை 'அம்மாவின் சகோதரர்' என்று சுருக்கினால் தகவல் சரி, பொருள் பாதிதான். காது குத்தும்போது மடியில் உட்காரவைப்பவர், பெண் வயதுக்கு வந்தால் சீர் கொண்டுவருபவர், நல்லது கெட்டதுக்கு முதலில் சொல்லியனுப்ப வேண்டியவர், சில குடும்பங்களில் கட்டிக்கொள்ளக்கூடியவர். இத்தனையும் அந்தச் சொல்லில் இருக்கிறது. அங்கிள் என்ற சொல்லில் இதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கிள் இன்று தமிழ்ச் சொல்லும் ஆகிவிட்டது. நகரத்துப் பிள்ளைகள் யாரை அங்கிள் என்று கூப்பிடுகிறார்கள்? பக்கத்து ஃபிளாட்காரரை, அப்பாவின் ஆபீஸ் நண்பரை, வேன் டிரைவரை. அதாவது உறவு இல்லாதவரை! இப்போது எழுதப்படும் நாவலில் ஒரே பக்கத்தில் மாமாவும் வருவார், அங்கிளும் வருவார். இரண்டையும் அங்கிள் என்றே போட்டால், உறவுக்காரரும் அந்நியரும் ஒன்றாகிவிடுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? நான் சொல்லும் வழி ஒன்றுதான். பக்கத்தை எடுத்ததும், மொழிபெயர்க்கும் முன், உறவுச் சொற்களை மட்டும் பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே கேள்வி. இந்தச் சொல் இங்கே யாரையாவது கூப்பிடுகிறதா, அல்லது யாரைப் பற்றியாவது சொல்கிறதா? கூப்பிடும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நிகர் இல்லை. அதைத் தமிழிலேயே விடுங்கள். பற்றிச் சொல்லும் சொல்லுக்குப் பெரும்பாலும் எளிய ஆங்கிலம் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். பெயர் போல ஒட்டிக்கொண்ட முத்து மாமா மாதிரியானவை கூப்பிடும் சொல் பக்கம் சேரும்.

நம் பத்தியில் போட்டுப் பார்ப்போம்.

முதல் வரி. செல்வி கூப்பிடும் 'அக்கா' அப்படியே நிற்கட்டும். 'அக்கா, மாமா இஸ் ஹியர்.' ஆங்கில வாசகருக்கு இரண்டு புதுச் சொற்கள். பயப்பட வேண்டாம். அடுத்த வரியிலேயே "எந்த மாமா?" என்று மல்லிகா கேட்கிறாள். மாமா என்பது ஆள் பெயர் இல்லை, ஒரு வகை உறவு, ஒன்றுக்கு மேற்பட்டவர் இருக்கலாம் என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. 'விச் மாமா?' என்று விட்டால் போதும்.

மூன்றாவது வரியில் 'தம்பி' வருகிறது. செல்வி தம்பியைக் கூப்பிடவில்லை, அம்மாவுக்கும் முத்துவுக்கும் உள்ள உறவைச் சொல்கிறாள். அதனால் இது ஆங்கிலமாகலாம். 'ஹெர் லிட்டில் பிரதர்' வந்துவிட்டான் என்று அம்மா தலைகால் புரியாமல் நிற்கிறாள். பாருங்கள், மாமா யார் என்ற விளக்கம் இங்கே தானாக வந்துவிட்டது. அடிக்குறிப்பு வேண்டாம், அடைப்புக்குறி வேண்டாம், 'மெட்டர்னல்' வேண்டாம். மூலத்திலேயே விளக்கம் இருக்கிறது. நல்ல நாவலாசிரியர் பெரும்பாலும் பக்கத்தில் எங்காவது வைத்திருப்பார். அது எந்தச் சொல்லில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அந்தச் சொல்லை மட்டும் தெளிவான ஆங்கிலமாக்குவதுதான் நம் வேலை.

அடுத்து முத்து பேசுகிறான். அவனும் 'அக்கா' என்கிறான். இந்த முறை அக்கா என்பது அம்மா! கீழே பூக்காரக்கா வேறு இருக்கிறாள். ஒரே பக்கத்தில் மூன்று அக்கா. இதைப் பார்த்துத்தான் பலர் மிரண்டுபோய் எல்லாவற்றையும் பெயராக மாற்றிவிடுகிறார்கள். நான் மாற்றமாட்டேன். முத்துவின் அக்காவை விடுவேன். அடுத்த மூச்சிலேயே "உன் மூத்த மகள்" என்று கேட்பதால் யாரைக் கூப்பிடுகிறான் என்பது தெளிவு. மல்லிகாவும் அக்கா, அம்மாவும் அக்கா என்றதும் வாசகர் பிடித்துக்கொள்வார், இது பெயர் இல்லை, வயதில் மூத்த பெண்ணைக் கூப்பிடும் சொல் என்று. பூக்காரக்கா மட்டும் வேறு. அவளை யாரும் இங்கே கூப்பிடவில்லை, கதை சொல்பவர் அடையாளம் சொல்கிறார். அதனால் 'ஃபிளவர் விமன்' என்று போகலாம். மூன்றாவது அக்காவை விட்டதில் ஊர் மரியாதை கொஞ்சம் குறைகிறது, உண்மைதான். ஆனால் 'ஃபிளவர் சிஸ்டர்' என்று போட்டால் யாரோ கன்னியாஸ்திரி பூ விற்கிறாள் என்று நினைப்பார்கள். நம் ஊரிலேயே சிஸ்டர் என்றால் மடத்தில் இருப்பவரும் ஆஸ்பத்திரியில் இருப்பவரும்தானே!

இனி கஷ்டமான இடம். 'ஏ மருமகளே.' ஆண் ஒருவன் சொன்னால் சகோதரியின் மகளும் மருமகள், மகனின் மனைவியும் மருமகள். 'நீஸ்' என்று போட்டால் ரத்த உறவு மட்டும் நிற்கும். 'டாட்டர் இன் லா' என்று போட்டால் முத்துவுக்கு மகன் இருக்கிறானா என்று கேட்பார்கள். முத்து இந்தச் சொல்லை விளையாட்டாக வீசுகிறான். பழைய உறவையும் தொட்டுக்கொண்டு, வரப்போகும் கல்யாணத்தையும் ஒரு இடி இடிக்கிறான். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் இல்லை. 'மருமகளே' என்றே விடலாமா? இந்தச் சின்னப் பக்கத்தில் மூன்றாவது புதுச் சொல்லாகிவிடும், அதை விளக்க அருகில் எதுவும் இல்லை. நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, கிண்டலை அடுத்த சொல்லில் ஏற்றுவேன். ஏ பெண்ணே, உன் மாமாவுக்குத் தண்ணீர்கூடக் கிடையாதா? 'நாட் ஈவன் வாட்டர் ஃபார் யுவர் மாமா?' இழப்புதான். எங்கே இழக்கிறோம் என்று தெரிந்து இழப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. இந்த இழப்பு இரண்டு வரி கழித்து ஈடாகிவிடுகிறது.

ஏனென்றால் பூக்காரக்கா கேட்கிறாள், இனிமேல் உன்னை அவள் மாமா என்று கூப்பிடுவாளா? அம்மா சொல்கிறாள், கட்டிக்கொண்டாலும் மாமாதான். மாமா என்ற சொல்லை முதல் வரியிலிருந்து மாற்றாமல் கொண்டுவந்திருந்தால், இந்த இடத்தில் ஆங்கில வாசகருக்குப் பொறி தட்டும். ஓ, இந்தச் சொல் அம்மாவின் தம்பிக்கும் பொருந்துகிறது, கணவனுக்கும் பொருந்துகிறது. இந்த ஊரில் இரண்டுக்கும் நடுவே கதவு இருக்கிறது. மானிடவியல் பாடம் நடத்தாமல், இரண்டு பெண்களின் சிரிப்பில் அவருக்கு அது விளங்கிவிடுகிறது. நடுவில் ஓர் இடத்தில் அங்கிள் என்று மாற்றியிருந்தாலும் நூல் அறுந்திருக்கும்.

அதற்காக அதிர்ச்சி வராது என்று சொல்லவில்லை. அதிர்ச்சி வரும். வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் இல்லை, வட இந்தியாவில் பலருக்கும் வரும். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமே மாமன் - மருமகள் மணத்தைத் தடுக்கப்பட்ட உறவுப் பட்டியலில் வைத்து, வழக்கம் இருந்தால் மட்டும் செல்லும் என்கிறது. நம் ஊரிலும் இப்போது வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் அதிகம். வாசகர் என்ன நினைக்க வேண்டும் என்று முடிவு செய்வது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை. மறைக்கவும் கூடாது, குற்றப்பத்திரிகை வாசிக்கவும் கூடாது. மல்லிகா என்ன நினைக்கிறாள் என்று வாசகர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் காப்பாற்றிக் கொடுத்தால் போதும்.

கடைசி வரிக்கு வருவோம். அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பகல் முழுக்க அக்கா என்றவள் இருட்டில் 'மல்லிகா' என்கிறாள். நம் வீடுகளில் இளையவள் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் ஏதோ பெரிய விஷயம். இங்கே செல்வி ஒரு படி ஏறி வந்து தோழியாகிறாள், நீ எனக்கு மூத்தவள் என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டுப் பேசு என்கிறாள். இது எதையும் ஆசிரியர் விளக்கவில்லை. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் சகோதரிகள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று வாதாடி, எல்லா அக்காவையும் மல்லிகா ஆக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். படிக்கச் சரளமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் வரியிலேயே 'மல்லிகா' என்று போட்டுவிட்டால் கடைசி வரிக்கு என்ன மிச்சம்? இருட்டில் நடந்தது ஒன்றுமே நடக்காததாகிவிடும். அக்கா என்ற சொல் வீட்டுச் சுவர் மாதிரி. இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. இடிந்தால்தான் சத்தம் கேட்கும். சுவரே கட்டாதவர் இடிவதை எப்படிக் காட்டுவார்?

எதிர்த்தரப்பில் இன்னொரு கட்சியும் உண்டு. எல்லாவற்றையும் தமிழிலேயே விடு, தேவைப்பட்டால் அவர்கள் கற்றுக்கொள்ளட்டும், ரஷ்ய நாவல் படிக்கும்போது நாம் மூன்று மூன்று பெயர்களை மனப்பாடம் செய்யவில்லையா என்பார்கள். முழு நாவல் என்றால் அவர்களுடன் எனக்குப் பெரிய சண்டை இல்லை. முந்நூறு பக்கத்தில் வாசகர் மெல்ல மெல்லப் பழகிவிடுவார். முகப்பில் ஒரு குடும்ப மரமும் போடலாம். நாம் பேசுவது ஒரு பகுதியைப் பற்றி. ஏழெட்டுப் பக்கம், அதுவும் நாவலின் நடுவிலிருந்து வெட்டி எடுத்தது. தமிழ் வாசகருக்கு முத்து யார் என்று நூறு பக்கம் முன்பே தெரியும். இந்த வாசகர் நேரே திண்ணையில் வந்து விழுகிறார். அவருக்கு மாமா, அத்தை, சித்தி, கொழுந்தன், சகலை, சம்பந்தி என்று பத்துச் சொல் கொடுத்தால் கதையை விட்டுவிட்டு உறவைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு, மிஞ்சினால் மூன்று சொல் வையுங்கள். எந்தச் சொல் மேல் அந்தப் பகுதியின் நிகழ்ச்சி நிற்கிறதோ அதை வையுங்கள். மற்றதை ஆங்கிலத்துக்கோ ஆள் பெயருக்கோ விட்டுக்கொடுங்கள். நம் பத்தியில் மாமாவும் அக்காவும்தான் நிகழ்ச்சி. தம்பியும் பூக்காரக்காவும் இல்லை.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. சின்ன விஷயம், பெரிய குழி. மாமாவை ஆங்கிலத்தில் எம், ஏ, எம், ஏ என்று நான்கே எழுத்தில் எழுதினால் ஆங்கில வாசகர் அதை அம்மா என்று படிப்பார்! "எந்த அம்மா?" என்று மல்லிகா கேட்பதாக ஆகும். முதல் அசையில் இரண்டு ஏ போடுங்கள், தொல்லை விட்டது. அண்ணாவுக்கும் இதே ஆபத்து. ஏ, என், என், ஏ என்று எழுதினால் அது ஒரு ஐரோப்பியப் பெண்ணின் பெயர். அண்ணன் என்று னகர ஒற்றோடு எழுதினால் தப்பலாம். அக்காவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்த எழுத்துக்கூட்டலை எடுத்தாலும் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அதையே வையுங்கள். சாய்வெழுத்தில் போடாதீர்கள். செல்வி தன் அக்காவைச் சாய்த்துக் கூப்பிடவில்லை.

பெயர்ப்பு சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு பெண்களில் யார் மூத்தவள்? அந்த ஆளுக்கும் அம்மாவுக்கும் என்ன உறவு? கடைசி வரியில் என்ன மாறியது? முதல் இரண்டுக்கு விடை வந்து மூன்றாவதுக்கு வராவிட்டால், உறவைத் தகவலாகக் கொடுத்துவிட்டீர்கள், கூப்பிடும் குரலைக் கொடுக்கவில்லை. மூன்றாவதுக்கு வந்து இரண்டாவதுக்கு வராவிட்டால், 'லிட்டில் பிரதர்' மாதிரி ஒரு கைப்பிடியை எங்கோ விட்டுவிட்டீர்கள். மூன்றுக்கும் வந்தால் மேற்கொண்டு ஒன்றும் செய்யாதீர்கள். அடிக்குறிப்பு சேர்க்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த வழி எல்லா ஊருக்கும் கண்ணை மூடிக்கொண்டு செல்லாது. அக்காவின் கணவரை ஒரு குடும்பத்தில் மாமா என்பார்கள், இன்னொன்றில் அத்தான், மற்றொன்றில் மச்சான். கல்லூரிப் பையன்கள் உறவே இல்லாமல் மச்சான், மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அங்கே உறவைத் தேடினால் ஏமாந்து போவோம், ஒரு 'டா' போட்டாலே போதும். திட்டும்போது மாமா என்றால் அது வேறு தொழில். அதனால் நாவல் எந்த ஊர், எந்தச் சமூகம், எந்தக் காலம் என்று தெரிந்துகொண்டு, அந்த ஊர் ஆள் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுக்க வேண்டும். அகராதி இதைச் சொல்லாது.

உறவுச் சொல் மொழிபெயர்க்க முடியாதது, அது தமிழின் தனிச்சிறப்பு என்று மார்தட்டிவிட்டு ஒதுங்குபவர்களோடும் நான் இல்லை. முடியும். சொல்லுக்குச் சொல் முடியாது, பக்கத்துக்குப் பக்கம் முடியும். ஓரிடத்தில் விட்டதை இன்னோரிடத்தில் பிடிக்கலாம், மருமகளை விட்டு மாமாவைப் பிடித்த மாதிரி.

மொழிபெயர்ப்பில் இருக்கும் நண்பர்கள் கீழே எழுதுங்கள். உங்கள் ஊரில் அக்கா புருஷனை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்பதையும் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். இளைஞர்களுக்கு அனுப்பிவைக்கிறேன், உதவும். 'மருமகளே'வுக்கு என்னைவிட நல்ல வழி யாராவது வைத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை விட்டதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.